12,000 வவுச்சருக்கு 59 போதுமா?

ஒரு கம்பெனியில் ஆண்டுக்கு 12,000 பேமென்ட் வவுச்சர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் போவதற்கு முன்னால் பில்லையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் சரக்கு வந்த ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்து மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே விதி. இந்த விதி ஆண்டு முழுவதும் நடைமுறையில் இருந்ததா என்று ஆடிட்டர் பார்க்க வேண்டும். பன்னிரண்டாயிரத்தையும் புரட்ட முடியாது. எத்தனை எடுப்பது?

இங்கே அவர் தொகையைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வவுச்சரிடமும் ஒரே கேள்விதான்: விதிப்படி நடந்ததா, இல்லையா? ‘இல்லை’ என்றால் அது ஒரு விலகல். எது விலகல் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். கையெழுத்து இருக்கிறது, ஆனால் பணம் போன மறுநாள் தேதி போட்டிருக்கிறது என்றால் அதுவும் விலகல்தான்.

அடுத்து, எவ்வளவு விலகல் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் முடிவு செய்கிறார். இந்தக் கையெழுத்தை நம்பி மற்ற சோதனைகளை எவ்வளவு குறைக்கப்போகிறாரோ, அந்த அளவுக்கு இந்த விகிதம் இறுக்கமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் அது 5 சதவீதம்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே 5 சதவீத வவுச்சர்கள் பழுது என்றால், குருட்டாம்போக்கில் எடுக்கும் ஒன்று நல்லதாக இருக்கும் வாய்ப்பு 0.95. இரண்டும் நல்லதாக இருக்க 0.95 × 0.95. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், 59 வவுச்சர்களும் பழுதில்லாமல் வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே 59-ஐ எடுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை என்றால், ‘விலகல் 5 சதவீதத்தைத் தொடவில்லை’ என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். இந்தப் பெருக்கலில் 12,000 என்ற எண் வரவே இல்லை. மொத்தம் ஒரு லட்சம் வவுச்சர் இருந்தாலும் அதே 59 போதும். வெறும் 500 இருந்தாலும் தேவை சுமார் 56-க்குத்தான் குறையும்.

ஆனால் 59 என்பது, ஒரு விலகலும் வராது என்று எதிர்பார்ப்பவருக்கான எண். போன ஆண்டு ஆடிட்டில் 1 சதவீதம் அளவுக்கு விலகல் தெரிந்திருந்தால், இந்த ஆண்டும் ஒன்று தட்டுப்படும் என்றே எண்ண வேண்டும். அப்போது 93 எடுக்க வேண்டும். அதில் ஒன்றைப் பொறுக்கலாம். 2 சதவீதம் எதிர்பார்த்தால் 181 எடுக்க வேண்டும். நான்கு வரை பொறுக்கலாம். எதிர்பார்க்கும் விகிதம் பொறுக்கும் விகிதத்தை நெருங்க நெருங்க, இரண்டையும் பிரித்தறிய அதிக ஆதாரம் வேண்டியிருக்கிறது. மிக நெருங்கிவிட்டால் இந்தச் சோதனையில் இறங்குவதே வீண். நேரடியாகத் தொகைகளைச் சரிபார்ப்பதே மேல்.

வேலையைக் குறைக்கும் ஆசையில் எதிர்பார்ப்பைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வதுதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. 59-ல் ஒரு வவுச்சரில் கையெழுத்து இல்லை என்று வையுங்கள். 59-ல் 1 என்றால் 1.7 சதவீதம்தானே, 5-க்குக் கீழேதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சாம்பிளில் தெரிந்த விகிதத்தோடு நின்றுவிட முடியாது. அதே 95 சதவீத உறுதியோடு கணக்கிட்டால், மொத்த வவுச்சர்களில் விலகல் 7.8 சதவீதம் வரை இருக்கக்கூடும். சோதனை தோற்றுவிட்டது.

உடனே இன்னொரு 34-ஐ எடுத்து 93 ஆக்கி, ‘ஒன்றுதான் வந்தது, சரி’ என்று முடிக்கத் தோன்றும். அதுவும் செல்லாது. முதல் முயற்சியில் பிழைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, தவறினால் இரண்டாவதாக இன்னொன்று என்று ஆகிவிடுவதால், 5 சதவீதம் பழுதுள்ள அமைப்பு தப்பிவிடும் ஆபத்து ஏறக்குறைய 7.5 சதவீதமாக உயர்கிறது.

இன்னொரு வழுக்கலும் உண்டு. தேர்ந்தெடுத்த வவுச்சர் கிடைக்கவில்லை என்றால், பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வது. முறைப்படி ரத்தான வவுச்சர் என்றால் வேறொன்றை எடுக்கலாம். காணாமல் போனதாக இருந்து, வேறு வழியிலும் சோதிக்க முடியாவிட்டால், தணிக்கைத் தரம் 530-இன்படி அதை விலகலாகவே எண்ண வேண்டும்.

சோதனை தோற்றதால் கம்பெனியில் பணம் களவு போனது என்று ஆகாது. கையெழுத்தில்லாத வவுச்சரின் தொகை சரியாகவே இருக்கலாம். ஆடிட்டர் செய்ய வேண்டியது, அந்த ஒன்று ஏன் விட்டுப்போனது என்று விசாரிப்பது. மேலாளர் விடுப்பில் போன வாரத்தில் மாற்று ஆள் நியமிக்கப்படவில்லை என்றால், அந்த வாரத்து வவுச்சர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதோடு, மேலாளரின் கையெழுத்தை நம்பிக் குறைக்க நினைத்திருந்த பில் சரிபார்ப்பை ஆண்டு முழுவதற்கும் கூட்ட வேண்டும்.