கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

‘ஃபுல் சர்க்கிள்’ ஓர் இலவச மாத இதழ். உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துவோருக்காக அவர்களில் சிலரே சேர்ந்து தொடங்கியது. பூச்சியம் என்று எண்ணிட்ட அதன் முதல் இதழ் 2007 ஏப்ரலில் வந்தது. ஆசிரியர் ரோனி டக்கர். ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் பக்கங்களை அமைத்து, பிடிஎஃப் கோப்பாக வெளியிட்டார்கள். இத்தாலியம், பிரெஞ்சு, ரஷ்யன், ஹங்கேரியன் என்று வேறு மொழிகளிலும் பதிப்புகள் வந்தன. அவற்றையும் தன்னார்வலர்களே செய்தார்கள். பிழை திருத்தியவர்களின் பெயர்களும் மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கான நன்றியும் இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

தமிழில் 2012 முதல் வந்த ‘கணியம்’ இதழும் இப்படிச் சம்பளமில்லாத உழைப்பில் உருவானதுதான்.

இத்தகைய இதழ்களுக்கு வரும் பாராட்டு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும்: இதழ் அருமை, குழுவினர் அனைவருக்கும் நன்றி. கட்டுரை எழுதியவருக்காவது தலைப்புக்குக் கீழே பெயர் இருக்கிறது. மொழிபெயர்த்தவரும் திருத்தியவரும் அந்த ‘அனைவருக்கும்’ என்ற சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். இதில் வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. திருத்தம் சரியாக நடந்திருந்தால் அப்படி ஒன்று நடந்ததே பக்கத்தில் தெரியாது. எதற்கு நன்றி சொல்வது என்று தெரிய வேண்டுமானால் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு மென்பொருளை நிறுவுவது எப்படி என்று விளக்கும் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நடுவில் இப்படி ஒரு கட்டளை வருகிறது:

```
sudo apt install --no-install-recommends scribus
```

மொழிபெயர்ப்பாளர் இதில் கை வைக்கக்கூடாது. ஓர் எழுத்து மாறினாலும் கணினி ஏற்காது. ஆனால் இதற்கு முன்னும் பின்னும் உள்ள விளக்கம் முழுவதையும் அவர்தான் தமிழாக்க வேண்டும். அதோடு ஒரு முடிவும் எடுக்க வேண்டும். வாசகரின் திரையில் பட்டிப் பெயர்கள் தமிழில் இருக்குமா, ஆங்கிலத்தில் இருக்குமா? ‘கோப்பு’ என்று எழுதிவிட்டால், ஆங்கிலத் திரையை வைத்துக்கொண்டு படிப்பவர் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். அதனால் அனுபவம் உள்ளவர்கள் முதல் முறை இரண்டு பெயர்களையும் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றையே கடைசிவரை பின்பற்றுவார்கள். கட்டுரைக்கான திரைப்படங்களையும் அதே மொழித் திரையில் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் மூலத்தில் அது இரண்டு பக்கக் கட்டுரையாக இருந்திருக்கும்.

அடுத்து ஆசிரியரின் மேசை. மேலே உள்ள கட்டளையில் no என்பதற்கு முன் இரண்டு சிறு கோடுகள் இருக்கின்றன. சொல்செயலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு சிறு கோடுகளைக் கண்டால், அழகு கருதி அவற்றை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். அச்சில் பார்க்க வித்தியாசம் தெரியாது. வாசகர் அதை நகலெடுத்து ஒட்டினால், apt அந்தத் துண்டை விருப்பத் தேர்வாகப் புரிந்துகொள்ளாது; ஏதோ ஒரு தொகுப்பின் பெயர் என்று எண்ணித் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகிவிடுவதும் இதே வகைக் கோளாறுதான். குறுகிய பத்தியில் நீளமான கட்டளை இரண்டாக உடைந்தால், ஒட்டும்போது பாதியிலேயே ஓடத் தொடங்கலாம். எனவே தயாரான பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் நகலெடுத்து, முனையத்தில் ஒட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. ஆசிரியர் அதைச் செய்தாரா இல்லையா என்பது வாசகருக்குக் கட்டளை வேலை செய்வதிலிருந்து மட்டுமே தெரியவரும்.

தமிழ்ப் பக்கம் என்றால் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் இது சரியானது. அதற்கு முன்பு அந்த மென்பொருளில் தமிழ்ப் பக்கம் போட விரும்பியவர்கள் ஏதாவது சுற்றுவழி தேட வேண்டியிருந்தது.

இவ்வளவும் தெரிந்த வாசகர் எழுதும் நன்றிக் கடிதம் வேறு மாதிரி அமையும். “ஸ்கிரைபஸ் நிறுவும் கட்டுரையில் இருந்த கட்டளைகளை அப்படியே ஒட்டினேன், எல்லாமே வேலை செய்தன. பட்டிப் பெயர்களை இரண்டு மொழியிலும் கொடுத்திருந்ததால் தேடி அலையவில்லை.” இரண்டே வாக்கியம்தான். முதல் வாக்கியம் ஆசிரியருக்கு, இரண்டாவது மொழிபெயர்ப்பாளருக்கு. அடுத்த இதழிலும் எதை விடாமல் செய்ய வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. பிழை ஏதேனும் கண்ணில் பட்டிருந்தால் அதைத் தனியாக எழுதுவது நல்லது. ஒரே கடிதத்தில் சேர்த்தால் நன்றி வெறும் முன்னுரையாகிவிடும்.

வாசகரின் நன்றி இப்படி. இதழ் தன் ஆட்களுக்குச் சொல்லும் நன்றியில் சட்டமும் வந்து சேர்கிறது. ஃபுல் சர்க்கிள், கணியம் இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தவை. ஃபுல் சர்க்கிள் பயன்படுத்திய 3.0 உரிமத்தின்படி, மொழிபெயர்ப்பும் மாற்றியமைத்த படைப்புதான். மூல ஆசிரியரின் பெயரைச் சொல்ல வேண்டும், மொழி மாற்றப்பட்டது என்பதையும் தெளிவாகக் குறிக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்குப் பெயர்த்ததாகக் குறிப்பிடலாம் என்று உரிமத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மூல ஆசிரியர் இந்தப் பதிப்பைப் பார்த்து ஒப்புதல் தந்ததுபோல் தோன்றும்படி மட்டும் எழுதக்கூடாது. மொழிபெயர்ப்பாளரின் பங்கும் தனிப் படைப்பாக நிற்பதால், அந்தத் தமிழ்க் கட்டுரையை வேறு யாராவது எடுத்து வெளியிட்டால் அவர் பெயரையும் சேர்த்தே போட வேண்டும்.

ஆனால் கோடுகளைச் சரிபார்த்து, வாக்கியத்தை நிமிர்த்தி, பக்கத்தை ஒழுங்குபடுத்தியவர் பொதுவாக இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறார். கட்டுரை இதழைவிட்டு வெளியே பயணப்படும்போது அவர் பெயர் கூடவே போவதில்லை. கடைசிப் பக்கத்தில் போட்டால்தான் உண்டு.

அந்தப் பக்கத்திலும் தவறு நேர்வது எளிது. பல இதழ்களில் போன மாதப் பக்கத்தை எடுத்து எண்ணை மாற்றி மறுபடி வைப்பதுதான் நடைமுறை. விலகிப்போனவர் பெயர் அப்படியே நிற்கும், இந்த மாதம் புதிதாக வந்து ஒரு கட்டுரையை மட்டும் திருத்திக் கொடுத்தவர் பெயர் விடுபடும். கட்டுரையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போதே அவர் பெயரையும் அவர் விரும்பும் எழுத்துக்கூட்டலையும் ஒரு பட்டியலில் குறித்துவிட்டு, பக்கம் முடிக்கும் அன்று அதோடு ஒப்பிட்டால் இதைத் தவிர்க்கலாம். முதலெழுத்து முன்னால் வேண்டுமா, புனைபெயர் வேண்டுமா என்று கேட்பதற்கும் அதுவே நேரம். ‘மொழிபெயர்ப்புக் குழு’ என்று மொத்தமாகப் போடுவதைவிட, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ‘தமிழில்’, ‘திருத்தம்’ என்று இரண்டு பெயர்கள் போட்டால், கடிதம் எழுத நினைக்கும் வாசகருக்கும் யாருக்கு எழுதுவது என்று தெரியும்.

சிலர் பெயரே வேண்டாம் என்பார்கள். அலுவலகத்தில் கேள்வி வரும் என்ற தயக்கமாக இருக்கலாம், வெறும் கூச்சமாகவும் இருக்கலாம். பெயரை நீக்கச் சொல்லும் உரிமையை உரிமமே படைப்பாளிக்குக் கொடுத்திருக்கிறது. முடிந்தவரை நீக்கித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கான நன்றியை ஆசிரியர் தனிக் கடிதமாக அனுப்பிவிடலாம், எந்தக் கட்டுரைக்காக என்று குறிப்பிட்டு.