அசையாத குதிரை எப்போது பலம்?

எதிரி எல்லைக்குள் ஒரு கட்டம். எதிரியின் சிப்பாய் எதுவும் அங்கே வந்து விரட்ட முடியாது. நம் சிப்பாய் ஒன்று பின்னால் நின்று காக்கிறது. அப்படிப்பட்ட கட்டத்தில் குதிரையை நிறுத்தினால் அதை அவுட்போஸ்ட் என்பார்கள். நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

சிசிலியன் ஆட்டத்தில் அடிக்கடி வரும் நிலை இது. கறுப்பின் சிப்பாய்கள் டி6, இ5-இல் இருக்கின்றன. வெள்ளையின் சிப்பாய் இ4-இல் நிற்க, டி5 கட்டம் வெள்ளைக் குதிரைக்காகக் காத்திருக்கிறது. ஆனால் கறுப்புக்கு இ6-இல் பிஷப் இருந்தால், அது டி5 குதிரையை வெட்டிவிடும். வெள்ளை இ4 சிப்பாயால் திருப்பி வெட்டினால், அந்த அருமையான கட்டத்தில் இப்போது வெள்ளையின் சிப்பாயே அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் கறுப்பின் பலவீனமான டி6 சிப்பாய் நேர்த்தாக்குதலிலிருந்து தப்பிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் டி5-ஐ வெட்டக்கூடிய காய்களை, அதாவது கறுப்பின் குதிரைகளையும் வெள்ளைக் கட்ட பிஷப்பையும், மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். மிச்சமிருப்பது கறுப்புக் கட்ட பிஷப் மட்டும் என்றால், அதனால் டி5-ஐத் தொடவே முடியாது.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம், 1985-இல் மாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் 16-வது ஆட்டம். வெள்ளை கார்போவ், கறுப்பு காஸ்பரோவ். ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்திருந்த காஸ்பரோவ், 16-வது நகர்த்தலில் குதிரையை டி3-இல் இறக்கினார். பின்னால் சிப்பாயே இல்லை. காத்தது எஃப்5-இல் நின்ற பிஷப். என்றாலும் வெள்ளையின் சி, இ சிப்பாய்கள் முன்பே போய்விட்டதால் குதிரையை விரட்ட ஆளில்லை.

அது என்ன செய்தது என்பதுதான் விஷயம். சி1, இ1 இரண்டையும் அது பார்த்துக்கொண்டிருந்ததால், திறந்திருந்த அந்த இரண்டு வரிசைகளிலும் கார்போவின் யானைகளால் முதல் படியில் உட்காரக்கூட முடியவில்லை. காஸ்பரோவ் பி4-க்குச் சிப்பாயைத் தள்ளியதும் வெள்ளையின் இரு குதிரைகளுக்கும் வழி அடைந்தது. ஏ4-இல் நின்றது பி2-க்கோ சி5-க்கோ போனால் டி3 குதிரை வெட்டும். சி3-க்குப் போனால் சிப்பாய் வெட்டும். பி1-இல் நின்றதற்கு ஏ3-உம் சி3-உம் அந்தச் சிப்பாயின் பிடியில். டி2-இல் சொந்த ராணியே நின்றது. கையில் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் நகர்த்த உருப்படியான காய் இல்லை.

உங்கள் குதிரையையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அதை மனத்தளவில் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். எதிரியின் யானைக்கோ குதிரைக்கோ புதிதாக நல்ல கட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குதிரை அங்கே சும்மா நிற்கிறது.

கார்போவுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஏராளம். 34-வது நகர்த்தலில் அவர் ராணியைக் கொடுத்துத்தான் அந்தக் குதிரையை வெட்டினார். அடுத்த நகர்த்தலிலேயே காஸ்பரோவின் இன்னொரு குதிரை எஃப்2-இல் பாய்ந்து செக் வைத்தபடி ராணியையும் குறிவைத்தது. ஆறு நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது.