இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே

ஒரு அனிமேஷன் காட்சி. சிறுமி ஒருத்தி மேசையைச் சுற்றி நடக்கிறாள். நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு சுற்றுக்கு நான்கு நொடி. கால் சுற்றுக்கு ஒரு தடவை அவள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கீஃபிரேம் வைத்தாயிற்று. ஒவ்வொரு கீயிலும் போய் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஓட விட்டால்தான் கோளாறு தெரிகிறது. பாதிச் சுற்று முடிந்ததும் அவள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, முக்கால் வட்டம் சுழன்றுவிட்டு, பிறகு ஒழுங்காக நடக்கிறாள். காலைக் கவனித்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: தரையில் ஊன்றி நிற்க வேண்டிய பாதம் மெல்லத் தரைக்குள் இறங்கி, மறுபடி மேலே வருகிறது.

அனிமேஷன் பழகுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் நடுவே இன்னொரு கீ வைப்பார்கள். அது போதாமல் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இப்படி ஒட்டுப்போடுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. வைத்த கீகள் காட்டும் நிலையில் தவறு இல்லை. இரண்டு கீகளுக்கு நடுவில் மென்பொருள் தானாக நிரப்பும் பகுதியில்தான் தவறு இருக்கிறது. அந்தப் பகுதியைக் கோடாக வரைந்து காட்டும் இடம் கிராஃப் எடிட்டர். இங்கே Blender மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அதை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். Maya போன்றவற்றிலும் விஷயம் இதுதான், பெயர்கள்தான் மாறும்.

கிராஃப் எடிட்டரில் இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது; கீழிருந்து மேலாக மதிப்பு ஏறுகிறது. சுழற்சிக்கு மூன்று கோடுகள்: X சிவப்பு, Y பச்சை, Z நீலம். பார்க்கத் தொடங்கும் முன் மேலே உள்ள Normalize அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது எரிந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்துக்குச் சுருக்கப்பட்டுத் தெரியும். 5 டிகிரி அசைவும் 300 டிகிரி அசைவும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும்.

சிறுமி மேசையைச் சுற்றும்போது மாறுவது Z கோடு. 1, 25, 49, 73, 97 ஆகிய ஃபிரேம்களில் கீகள் இருக்கின்றன. அவற்றின் மதிப்புகளை வரிசையாகப் படித்தால்: 0, 90, 180, மைனஸ் 90, 0. கோடு 49ஆம் ஃபிரேம் வரை ஏறி, அங்கிருந்து செங்குத்தாகச் சரிந்து பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கோளாறு அந்தச் சரிவில் இருக்கிறது. மைனஸ் 90 டிகிரியில் நிற்கும் உடலும் 270 டிகிரியில் நிற்கும் உடலும் பார்ப்பது ஒரே திசையைத்தான். அதனால்தான் 73ஆம் ஃபிரேமில் நின்று பார்த்தபோது தவறு தெரியவில்லை. ஆனால் மென்பொருளுக்குத் திசை தெரியாது, எண்தான் தெரியும். 180இலிருந்து 270க்குப் போவது 90 டிகிரி ஏற்றம். 180இலிருந்து மைனஸ் 90க்குப் போவது 270 டிகிரி இறக்கம். எண் சொன்னபடி அது சிறுமியை முக்கால் வட்டம் பின்னோக்கிச் சுழற்றிவிட்டது.

சரிசெய்ய, அந்தக் கீயைத் தேர்ந்தெடுத்து, N விசையை அழுத்தினால் திறக்கும் பக்கப் பலகையில் மைனஸ் 90ஐ அழித்து 270 என்று எழுத வேண்டும். இதோடு நிறுத்தினால் கோளாறு ஒரு கீ தள்ளிப் போகும்: இப்போது 270இலிருந்து 0க்குச் சரிவு. ஆகவே கடைசிக் கீயையும் 360 ஆக்க வேண்டும். ஒரு கீயை 360 டிகிரி உயர்த்தினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கீகளும் சேர்ந்து உயர்ந்தாக வேண்டும். முடிந்ததும் மதிப்புகள் 0, 90, 180, 270, 360 என்று படிக்கட்டாக ஏறும். கோடு ஒரே போக்கில் போகும்.

ஐந்து கீ என்றால் கையால் திருத்திவிடலாம். நடிகரின் உடலசைவைப் பதிவுசெய்து கொண்டுவரும் மோஷன் கேப்சரில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ இருக்கும். அந்தத் தரவில் இத்தகைய தாவல் நிறைய வரும். உடலின் நிலையை மூன்று கோணங்களாகப் பிரிக்கும் கணக்கு, விடையை மைனஸ் 180க்கும் 180க்கும் நடுவில் கொடுப்பது வழக்கம். 179ஐத் தாண்டி 181 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 179 வந்துவிடும். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓட்டிப் பார்த்தால் தவறு தெரியாது. மோஷன் பிளர் போட்டு ரெண்டர் செய்தால் தெரியும். பிளர் என்பது இரண்டு ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட நிலைகளையும் கலப்பதால், அந்த ஒரு ஃபிரேமில் மட்டும் கை விசிறியாகச் சுழன்று கலங்கிப்போய் நிற்கும். ரெண்டரில் ஒரே ஒரு ஃபிரேம் காரணமில்லாமல் கலங்கியிருந்தால் நேராக அந்த ஃபிரேமின் கிராஃபைத் திறந்து பாருங்கள்.

இதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. Maya அதை Euler Filter என்கிறது. Blender தரும் பெயர் Discontinuity என்று தொடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லரின் பெயரில்தான் இந்த மூன்று கோண முறை வழங்குகிறது. வடிகட்டி ஒவ்வொரு கீயையும் அதற்கு முந்தைய கீயோடு ஒப்பிட்டு, அதே திசையைக் குறிக்கும் மதிப்புகளில் முந்தையதற்கு மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். X, Y, Z மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு இயக்குவது நல்லது.

அதற்கு நம் மனதில் இருப்பது தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு சக்கரம் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்று 0இல் ஒரு கீயும் 360இல் ஒரு கீயும் வைத்திருந்தால், வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றே. 360ஐ அது 0 ஆக்கிவிடும். சக்கரம் அசையாமல் நிற்கும். 0, 120, 240, 360 என்று 180க்குக் குறைவான இடைவெளியில் கீகள் இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

திருப்பத்தில் இன்னொரு வகை உண்டு. அதைக் கண்டுகொள்ளத்தான் பலருக்குத் தடுமாற்றம். ஒரு கை Y அச்சில் 90 டிகிரியைத் தாண்டி உயர்கிறது என்று வையுங்கள். 20ஆம் ஃபிரேமில் X 0, Y 89, Z 0. அடுத்த ஃபிரேமில் Y 91 வர வேண்டும். வருவதோ X 180, Y 89, Z 180. இரண்டும் ஒரே நிலைதான்: X, Z இரண்டிலும் 180 கூட்டி, Y மதிப்பை 180இலிருந்து கழித்தால் ஒன்றிலிருந்து மற்றது கிடைக்கும். கிராஃபில் இதன் அடையாளம் தெளிவானது. சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒரே ஃபிரேமில் 180 தாவும். பச்சைக் கோடு 90ஐ ஒட்டி முனைபோல மடங்கித் திரும்பி இறங்கும். ஒரு கோடு மட்டும் 360 அளவில் தாவினால் முதல் வகை. இரண்டு கோடுகள் ஒன்றாக 180 தாவி மூன்றாவது மடங்கினால் இந்த வகை. இதில் ஒரு கோட்டை மட்டும் திருத்தினால் கை முறுக்கிக்கொள்ளும். மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

இனிக் காலுக்கு வருவோம். சுழற்சியை முதலில் சரிசெய்யச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோடு ஒரு கீயை எந்தச் சாய்வில் கடக்க வேண்டும் என்பதை அந்தக் கீயின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில்கள் தீர்மானிக்கின்றன. ஹேண்டிலைத் தானியங்கியாக விட்டிருந்தால், மென்பொருள் பக்கத்துக் கீகளின் மதிப்பைப் பார்த்துச் சாய்வைக் கணக்கிடும். பக்கத்து மதிப்பு பொய்யாக இருந்தால் சாய்வும் பொய்யாகும். சிறுமியின் கோட்டில் 180 என்ற கீ ஏதோ மலை உச்சி என்று கணக்கிடப்பட்டு, அங்கே வேகம் குறைந்து நின்றிருக்கும். மதிப்பைத் திருத்தியதும் அது வழியில் உள்ள சாதாரணப் படி ஆகிவிடுகிறது, நடை தடைபடாது.

பாதத்தின் உயரக் கோட்டைத் திறப்போம். 49ஆம் ஃபிரேமில் பாதம் தரையில், உயரம் 0. 61 வரை ஊன்றியிருக்கிறது, அங்கும் 0. பிறகு எழும்பி 67இல் 12 சென்டிமீட்டர். 49க்கும் 61க்கும் நடுவே கோடு கிடைமட்டமாக இருக்க வேண்டும். திரையிலோ அது தொட்டிலாகத் தொங்கி, ஓரிரு சென்டிமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. ஹேண்டில் வகை Automatic. 61ஆம் கீக்கு ஒரு பக்கம் 0, மறுபக்கம் 12 என்பதால் மென்பொருள் மேல்நோக்கிய சாய்வைத் தேர்ந்தெடுத்தது. இரு ஹேண்டில்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். வலது ஹேண்டில் மேலே போனால் இடது ஹேண்டில் கீழே போகும். அது கோட்டையும் தரைக்குக் கீழே இழுத்துக்கொண்டது. அடுத்தடுத்த இரண்டு கீகளின் மதிப்பு ஒன்றாக இருந்து, நடுவில் கோடு வளைந்திருந்தால் இந்தக் கோளாறுதான்.

கீயைத் தேர்ந்தெடுத்து V அழுத்தினால் ஹேண்டில் வகைகளின் பட்டியல் வரும். அதில் Auto Clamped எடுத்தால், உச்சியிலும் பள்ளத்திலும் சமதரையிலும் ஹேண்டில் படுத்துவிடும். கோடு இரண்டு கீகளின் மதிப்பைத் தாண்டாது. பாதம் தரையில் நின்றுவிடும். Maya பயன்படுத்துகிறவர்கள் இதற்கு Plateau அல்லது Auto எடுப்பார்கள்.

நடைக்கு அது மட்டும் போதாது என்றே நான் நினைக்கிறேன். வலது ஹேண்டிலும் சேர்ந்து படுத்துவிடுவதால், பாதம் பசையில் ஒட்டியதுபோல மெதுவாகக் கிளம்பும். நடக்கிறவரின் கால் அப்படிக் கிளம்புவதில்லை, உந்தி எழும். அதே V பட்டியலில் Free எடுத்தால் இரு ஹேண்டில்களும் தனித்தனியாகும். இடதைக் கிடைமட்டமாகவே விட்டுவிட்டு வலதை மட்டும் செங்குத்தாக உயர்த்தினால், தரையில் உறுதி, கிளம்புகையில் விசை, இரண்டும் கிடைக்கும். Maya மென்பொருளில் Break Tangents செய்வது இதைத்தான்.

எல்லை தாண்டும் வளைவு எப்போதும் பிழை என்று எண்ணி எல்லாக் கீகளையும் ஒரேயடியாக Auto Clamped ஆக்குவதையும் நான் ஒப்புவதில்லை. சிறுமி நின்றதும் அவளுடைய பின்னல் சற்று முன்னே போய்த் திரும்ப வேண்டும். அந்தத் தாண்டல் நாம் விரும்புவது. அதை ஹேண்டிலின் தற்செயலான தொங்கலுக்கு விடாமல், தாண்ட வேண்டிய உச்சியில் ஒரு கீயையே வைத்துவிடுங்கள். நின்ற நிலை 0 என்றால், நின்ற நான்கு ஃபிரேம் கழித்து 8 டிகிரி, இன்னும் ஐந்து ஃபிரேம் கழித்து மைனஸ் 3, பிறகு 0. எவ்வளவு தாண்டுகிறது, எப்போது தாண்டுகிறது என்பது எண்ணாகக் கையில் இருக்கும். இயக்குநர் பாதியாகக் குறைக்கச் சொன்னால் 8ஐ 4 ஆக்கிவிடலாம்.