62... யாருடைய மதிப்பெண்?

மதிப்பெண் பட்டியலில் 62 என்ற எண் கண்ணில் பட்டதும் நாம் இரண்டு காரியம் செய்கிறோம். பார்வையை இடப்பக்கம் ஓட்டி, அது யாருடையது என்று பெயரைப் பிடிக்கிறோம். மேலே ஓட்டி, எந்தப் பாடம் என்று தலைப்பைப் பிடிக்கிறோம். இரண்டும் நொடிக்குள் முடிந்துவிடுவதால், இப்படி ஒரு வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. கணினியின் ஸ்கிரீன் ரீடர் மூலம் காதால் படிக்கும் பார்வையற்ற ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் காதில் விழும். 62 என்றால் 62, அவ்வளவுதான். அந்த எண்ணோடு பெயரையும் பாடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால், பட்டியலை எழுதுகிறவர் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அந்த முடிச்சுகள் மூன்று. பட்டியலுக்கு ஒரு `caption`. தலைப்புக் கட்டங்களுக்கு `td` அல்ல, `th`. அந்தத் தலைப்பு கீழ்நோக்கிச் செல்லுமா, பக்கவாட்டில் செல்லுமா என்று சொல்லும் `scope`. பாடப் பெயர்களை `th` ஆக்குவதை இப்போது பெரும்பாலும் யாரும் மறப்பதில்லை. மாணவர் பெயரை `th` ஆக்கத்தான் மறக்கிறார்கள். பள்ளிகளின் இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான். பாதி முடிச்சு போட்ட பட்டியல், முடிச்சே இல்லாத பட்டியலை விட ஆபத்தானது என்றே நினைக்கிறேன். வரிசையில் பக்கவாட்டாகப் போகும்போது எல்லாம் சரியாகக் கேட்கும், நம்பிக்கை வந்துவிடும். தவறு நடப்பது அதற்குப் பிறகு.

10-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவின் காலாண்டுத் தேர்வுப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடம் கருதி இரண்டே பாடம், ஒரே மாணவி:

```html
<table lang="ta">
  <caption>10-ஆம் வகுப்பு அ பிரிவு, காலாண்டுத் தேர்வு</caption>
  <tr>
    <th scope="col">வரிசை எண்</th>
    <th scope="col">பெயர்</th>
    <th scope="col">தமிழ்</th>
    <th scope="col">கணிதம்</th>
  </tr>
  <tr>
    <td>1</td>
    <th scope="row">கலைச்செல்வி</th>
    <td>78</td>
    <td>62</td>
  </tr>
</table>
```

இதற்குக் கீழே சதீஷ், நூர்ஜஹான் என்று பட்டியல் நீள்கிறது. சதீஷ் கணிதத் தேர்வுக்கு வரவில்லை. நூர்ஜஹான் கணிதத்தில் 91.

இப்போது என்விடிஏ-வைத் திறந்து கேட்போம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர் அது. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசைகளைத் தட்டினால், பட்டியலுக்குள் கட்டம் கட்டமாக நகரலாம். வலப்பக்கம் நகர்ந்தால் பாடம் மாறுகிறது; ஆகவே பாடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணைச் சொல்லும். கீழே நகர்ந்தால் மாணவர் மாறுகிறார். ஆகவே மாணவர் பெயரைச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணைச் சொல்லும். எது மாறியதோ அதை மட்டும் சொல்வது அதன் வழக்கம். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சொன்னால் கேட்பவர் களைத்துப்போவார்.

கலைச்செல்வி, சதீஷ், நூர்ஜஹான் மூவரின் பெயர்களையும் வெறும் `td` என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கணித ஆசிரியர் தன் பாடத்தின் நெடுவரிசையில் நின்று கீழ் அம்புக்குறியைத் தட்டுகிறார். ஆசிரியர் செய்யக்கூடிய மிக இயல்பான காரியம் இது. தன் பாடத்தைத்தானே அவர் சரிபார்ப்பார்? அவர் காதில் விழுவது: இரண்டாவது வரிசை, 62. மூன்றாவது வரிசை, வெற்றிடம். நான்காவது வரிசை, 91. பெயர் இல்லை.

பெயர் கேட்காத ஆசிரியர் வரிசை எண்ணை வைத்துக் கணக்குப் போடுவார். சிக்கல் அங்கேதான். பாடத் தலைப்புகள் இருக்கும் வரிசையையும் சேர்த்தே கணினி எண்ணுகிறது. நான்காவது வரிசையில் இருப்பவர் வருகைப் பதிவேட்டில் மூன்றாவது மாணவி. 91-ஐப் பதிவேட்டின் நான்காவது பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டால், நூர்ஜஹானின் மதிப்பெண் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தடுத்த பெயர்களும் அதேபோல் ஒவ்வொரு இடம் தள்ளிப்போகும். கடைசிப் பெயருக்கு வந்து ஓர் எண் மிஞ்சும்போதுதான் ஏதோ தவறு என்று தெரியும். கடைசி மாணவரின் கட்டம் காலியாக இருந்துவிட்டால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

இது இன்னும் மோசமாகும் வழி ஒன்று உண்டு. காகிதத்தில் பட்டியல் போட்டுப் பழகியவர்கள், மேலே எல்லாக் கட்டங்களையும் ஒன்றாக இணைத்து, அதற்குள் வகுப்பின் பெயரையும் தேர்வின் பெயரையும் நடுவில் எழுதுவார்கள். எக்செல்லில் அப்படியே செய்து, அதை அப்படியே இணையப் பக்கமாக மாற்றிவிடுகிறார்கள். அந்த இணைந்த கட்டமும் ஒரு வரிசையாகக் கணக்கில் வந்துவிடும். முதல் மாணவி இப்போது மூன்றாவது வரிசைக்குப் போகிறார். அந்தக் கட்டத்தையும் `th` என்று எழுதியிருந்தால், அது எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான தலைப்பாகிவிடும். பாடம் மாறும்போதெல்லாம் தேர்வின் முழுப் பெயரையும் சேர்த்து வாசிக்கிற பட்டியல்கள் இப்படித்தான் உருவாகின்றன. `caption` இந்த இரண்டையும் தடுக்கிறது. அது `table` திறந்ததும் முதலில் வர வேண்டும். வரிசைக் கணக்கில் சேராது. பட்டியலுக்குள் நுழையும்போது ஒருமுறை கேட்கும். பிரிவு ‘அ’-வா ‘ஆ’-வா, காலாண்டா அரையாண்டா என்பது அங்கேயே தெரிந்துவிட வேண்டும். ‘மதிப்பெண் பட்டியல்’ என்று மட்டும் எழுதினால், ஒரே பக்கத்தில் நான்கு பட்டியல் இருக்கும்போது எது எது என்று புரியாது.

இனி `scope`. எளிய பட்டியலில் இதை எழுதாமல் விட்டாலும் உலாவி தானே ஊகித்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் ஊகம் சரியாகவும் இருக்கும். ஆனால் மாணவர் ஒருவரின் மதிப்பெண் ஊகத்தில் நிற்கக் கூடாது. `scope="row"` என்று எழுதினால், அந்தப் பெயர் தனக்கு வலப்பக்கம் உள்ள கட்டங்களுக்குத் தலைப்பாகும். வலப்பக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள பட்டியலில் வரிசை எண் பெயருக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதனால் அந்த எண்ணுக்குப் பெயர் ஒட்டாது. அதனால் நஷ்டமில்லை. ஆனால் சில பள்ளிகள் மொத்த மதிப்பெண்ணையோ தர வரிசையையோ முதல் கட்டத்தில் போட்டு, அதற்கு அடுத்துப் பெயரைப் போடுகின்றன. அந்த மொத்தத்துக்குப் பெயர் கேட்காது. பெயரை எந்தக் கட்டத்தில் வைத்தாலும், மதிப்பெண்கள் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

சதீஷின் வெற்றிடத்துக்கு வருவோம். கண்ணால் பார்ப்பவருக்கு அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும் பொருள் புரிந்துவிடும். காதுக்கு வெற்றிடம் என்பது இரண்டு பொருள் தரும்: தேர்வுக்கு வரவில்லை, அல்லது மதிப்பெண் இன்னும் ஏற்றப்படவில்லை. ‘வரவில்லை’ என்று முழுச் சொல்லாக எழுதிவிட வேண்டும். 35-க்குக் கீழே எடுத்தவர்களைச் சிவப்பு எழுத்தில் காட்டுவதும் இப்படித்தான். சிவப்பு காதில் கேட்காது.

அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைக்கும் தனித்தனி மதிப்பெண் வரும்போது, மேலே ‘அறிவியல்’ என்று ஓர் இணைந்த கட்டமும், கீழே இரண்டு கட்டமும் போடத் தோன்றும். `scope="colgroup"` வைத்து அதைச் சரியாகச் செய்ய வழி இருக்கிறது. ஆனால் ‘அறிவியல் எழுத்து’, ‘அறிவியல் செய்முறை’ என்று இரண்டு நேரான தலைப்புகளை எழுதிவிட்டால் கட்டங்களை இணைக்கவே வேண்டாம். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

போகிற போக்கில் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது உள்ளே `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகள்தான். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் எத்தனை `th` போட்டாலும் பயன் இல்லை. மாற்றிய பிறகு `lang="ta"` இருந்தால், தமிழ்க் குரல் நிறுவியிருக்கும் கணினி தமிழிலேயே வாசிக்கும்.

பெயர்களை `th` ஆக்காமல் விடுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. உலாவி `th`-க்குள் இருப்பதை இயல்பாகவே தடித்த எழுத்தில், நடுவில் காட்டும். நாற்பது பெயர்களும் தடித்து நடுவில் நின்றால் பட்டியல் அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர் அதை மறுபடி `td` ஆக்கிவிடுகிறார். பாடத் தலைப்புகள் தடித்திருந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை, அதனால் அவை தப்பிக்கின்றன. மாற்ற வேண்டியது தோற்றத்தை மட்டும்தான்:

```css
th[scope="row"] {
  font-weight: normal;
  text-align: left;
}
```

இதோடு பார்வைக்குப் பெயர்கள் பழையபடி சாதாரண எழுத்தில் இடப்பக்கம் வந்து நிற்கும். முடிச்சு அவிழாது.

அதே தோற்றக் கவலை கைபேசித் திரையில் வேறு வடிவத்தில் வருகிறது. அகலமான பட்டியல் அடங்கவில்லை என்று `tr`, `td` எல்லாவற்றுக்கும் `display: block` போட்டு, ஒவ்வொரு மாணவரையும் ஓர் அட்டை போலக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் சில உலாவிகள் இதைப் பட்டியல் என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்வதையே நிறுத்திவிடுகின்றன. பட்டியலை அப்படியே விட்டு, அதைச் சுற்றி `overflow-x: auto` கொண்ட ஒரு பெட்டியைப் போட்டால், விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம். விசைப்பலகையிலும் நகர்த்த முடிய வேண்டுமானால் அந்தப் பெட்டிக்கு `tabindex="0"` சேர்க்க வேண்டும்.

எந்தத் தலைப்பு எந்தக் கட்டத்துக்கு என்பதை நிரலிலேயே குறிக்க வேண்டும் என்பது இணைய உள்ளடக்க அணுகல் விதிகளில் 1.3.1 என்ற எண்ணில், மிக அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே இருக்கிறது. மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. பிடிஎஃப் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதிலும் இதே தலைப்புக் குறிகளைப் போடத்தான் வேண்டும், போடுவது இதைவிடக் கடினம்.

பட்டியலை வெளியிடும் முன் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். என்விடிஏ ஓடும்போது T விசையைத் தட்டினால் பட்டியலுக்குப் போய் `caption`-ஐ வாசிக்க வேண்டும். அப்படியே கணித நெடுவரிசைக்குள் போய், திரையை அணைத்துவிட்டுக் கீழே மட்டும் நகருங்கள். ‘கலைச்செல்வி 62, சதீஷ் வரவில்லை, நூர்ஜஹான் 91’ என்று வர வேண்டும். பெயர் வராமல் வரிசை எண்ணும் மதிப்பெண்ணும் மட்டும் வந்தால், பட்டியலை அச்சிடும் நிரலில் பெயர் வரும் அந்த ஒரே வரியைத் திறந்து, `td` என்பதை `th scope="row"` என்றும், அதை மூடும் குறியை `/th` என்றும் மாற்றுங்கள். எத்தனை மாணவர் இருந்தாலும் அந்த நிரலில் மாற்ற வேண்டியது அந்த ஒரு வரிதான்.