உஷார்! வைவா அன்று நோட்ஸ் காலை வாரிவிடும்

ஃபைனல் இயர் தம்பி, தங்கைகளே! ரிப்போர்ட்டிலிருந்து பாரா பாராவாகக் காப்பி செய்து பவர்பாயிண்ட்டில் ஒட்டுகிறீர்களா? ஸ்லைடில் அடங்காத மிச்சத்தைக் கீழே ஸ்பீக்கர் நோட்ஸில் கொட்டுகிறீர்களா? உடனே நிறுத்துங்கள். அதை அப்படியே வாசிப்பீர்கள். இரண்டாவது நிமிடமே எக்ஸ்டர்னல் "படிக்காதப்பா, சொல்லு" என்பார்.

பழைய ஆய்வுகளுக்கு ஒரே ஸ்லைடு போதும். மாட்டிக்கொள்வது ரிசல்ட் ஸ்லைடில்தான்.

இலையின் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் என்று வையுங்கள். ரிப்போர்ட்டில் '94% துல்லியம்' என்று இருக்கிறது. அதையே கொட்டை எழுத்தில் ஸ்லைடில் போடுகிறீர்கள். சோதித்த 200 படங்களில் 180 நல்ல இலை, 20 நோய் இலை. நல்ல இலை அத்தனையையும் மாடல் சரியாகச் சொன்னது. நோய் இலையில் பிடித்தது எட்டைத்தான். கூட்டினால் 188, அதாவது 94%. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'நல்ல இலை' என்று சொல்லியிருந்தாலே 90% வந்திருக்கும்! "நோய் இலைல எத்தனைப்பா புடிச்சுது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதனால் ஸ்லைடில் அந்த நான்கு கட்ட அட்டவணையை, கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸை, போடுங்கள். நோட்ஸில் இவ்வளவுதான்:

"மொத்தம் 188/200. நோய் இலை 20ல் 8, தவறியது 12. காரணம்: பயிற்சியில் நோய்ப் படங்கள் குறைவு. ரிப்போர்ட் பக்கம் 43."

பக்க எண் முக்கியம். எக்ஸ்டர்னல் கையில் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் இருக்கும். ஸ்லைடில் ஓர் எண், அதில் வேறோர் எண் என்றால் தீர்ந்தது கதை. காரணத்தையும் ஊகித்து எழுதாதீர்கள். பயிற்சிப் படங்களை எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்த கண்ணி ப்ரொஜெக்டர். Windows + P அழுத்தி Extend வைத்தால்தான் நோட்ஸ் உங்கள் லேப்டாப்பிலும், ஸ்லைடு மட்டும் திரையிலும் வரும். Duplicate-இல் F5 தட்டினால் நோட்ஸே வராது. பதறிப்போய் Alt + F5 தட்டினீர்களோ, உங்கள் நோட்ஸ் ஹால் முழுக்கத் தெரியும்! Extend-இலும் சில சமயம் திரைகள் இடம் மாறிவிடும். அப்போது Display Settings-இல் Swap Presenter View and Slide Show.

"எங்க சிஸ்டத்துல போடு" என்று பென்டிரைவை வாங்கிக்கொள்ளும் டிபார்ட்மென்ட்களும் உண்டு. அங்கே உங்கள் லேப்டாப்புக்கே வேலையில்லை. சாதாரணமாக பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனாலும் நோட்ஸ் கூட வராது. முந்தின நாளே Print-இல் Notes Pages தேர்ந்தெடுத்து அச்செடுத்துவிடுங்கள். தாள்களுக்குக் கையால் எண் போட்டு, ரிசல்ட் பக்கத்தை மேலே வையுங்கள்.