ஜோஷிமட் நகர்வதை எப்படி அளந்தார்கள்?

உத்தராகண்டில் அலக்நந்தா ஆற்றுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது ஜோஷிமட். கெட்டிப் பாறையின் மேல் எழுந்த ஊர் அல்ல இது. பழைய மலைச்சரிவு ஒன்று கொண்டுவந்து போட்ட மண், மணல், உருண்டைப் பாறைகளின் குவியல்மேல் அமர்ந்திருக்கிறது. 1976இலேயே மிஸ்ரா குழு இதைச் சொல்லி, கனமான கட்டுமானங்கள் கூடாது என்றும் சரிவிலுள்ள பாறைகளைப் பெயர்க்கக் கூடாது என்றும் எச்சரித்தது. 2023 ஜனவரித் தொடக்கத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டபோது, இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் இரண்டு அளவுகளை வெளியிட்டது. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரையான ஏழு மாதங்களில் ஊர் அதிகபட்சமாக 9 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்தது. டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரையான 12 நாட்களிலோ 5.4 செ.மீ. தாழ்ந்தது.

பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் ஒன்று தரையின் சில சென்டிமீட்டர் நகர்வை அளக்கும் முறைக்கு இன்சார் என்று பெயர். ரேடார் அலையைத் தரைக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதுதான் அடிப்படை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் சுமார் 693 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 5.6 செ.மீ. 12 நாட்களுக்கு ஒருமுறை அது அதே பாதைக்குத் திரும்பி, அதே கோணத்திலிருந்து அதே தரையைப் பார்க்கும். இரண்டு முறையும் ஒரு கூரையிலிருந்து திரும்பிய அலையை ஒப்பிட்டால், அலையின் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த நிலையில் அது வந்து சேர்ந்தது என்பதில் வேறுபாடு தெரியும். கூரை 2.8 செ.மீ. விலகியிருந்தால், போகவும் வரவுமாகச் சேர்ந்து 5.6 செ.மீ. கூடுதல் தூரம் ஆகிறது; அதாவது ஒரு முழுச் சுழற்சி. படத்தில் இது வானவில் நிறப் பட்டைகளாகக் காட்டப்படும். ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கினால், அங்கே தரை 2.8 செ.மீ. நகர்ந்திருக்கிறது என்று பொருள். 1992இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த லாண்டர்ஸ் நிலநடுக்கத்தின் நில நகர்வை இப்படிப் பட்டைகளாகக் காட்டிய படம் அடுத்த ஆண்டு வெளியானபோதுதான் இந்த முறையின் வலிமை பரவலாகத் தெரிந்தது.

முதல் சிக்கலும் அந்தப் பட்டையிலேயே இருக்கிறது. கடிகாரத்தில் நிமிட முள் மட்டும் இருந்தால் நிமிடம் தெரியும், எத்தனை மணி என்று தெரியாது. ரேடார் அலையும் அப்படித்தான்: சுழற்சியின் எந்தப் பங்கில் இருக்கிறோம் என்று சொல்லும், எத்தனை முழுச் சுழற்சி கடந்தது என்று சொல்லாது. நகராத இடத்திலிருந்து தொடங்கிப் புள்ளி புள்ளியாக அடுத்தடுத்த வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் மொத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே வேறுபாடு 1.4 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் கணக்கு தடம் மாறலாம். ஒரு சுழற்சி குறைந்தோ கூடியோ போகும். ஜோஷிமட்டின் 5.4 செ.மீ.யை இந்த அலைநீளத்தில், ரேடார் பார்க்கும் திசையில் எடுத்துக்கொண்டால், அது கிட்டத்தட்ட இரண்டு முழுப் பட்டை. அந்த இரண்டு பட்டையும் அரைக் கிலோமீட்டரில் மெல்ல விரிந்தால் எண்ணிவிடலாம். ஒரே விரிசலின் இரு கரைகளுக்கு நடுவே அடங்கிவிட்டால் எண்ண வழியில்லை. மண் மிக வேகமாக நகரும் இடத்தில்தான் அளவு மிகக் குறைவாகப் பதிவாகும் ஆபத்து உண்டு என்பதை இந்த எண்களைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது.

இரண்டாவது சிக்கல் காற்று. அலை கடந்து வரும் வளிமண்டலத்தில் ஈரப்பதம் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அலை சற்றுத் தாமதமாக வரும். கணினிக்கு அது தரை தாழ்ந்ததாகவே தோன்றும். இந்தப் பொய் நகர்வு சில சென்டிமீட்டர் அளவுக்கும் போகும். பள்ளத்தாக்கில் ஈரக்காற்று தேங்கி மேலே குறைவாக இருக்கும் மலைநாட்டில், உயரத்தோடு சேர்ந்து மாறும் தாமதம் அசல் மலைச்சரிவைப் போலவே தோற்றம் தரும். இதைப் பிடிக்கத் தேர்ந்தவர்கள் மூன்று தேதிகளை எடுத்துக்கொள்வார்கள். முதல் தேதிக்கும் இரண்டாவதற்கும் இடையே ஓர் இடம் 2 செ.மீ. தாழ்கிறது, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அதே இடம் 2 செ.மீ. உயர்கிறது, முதலையும் மூன்றாவதையும் நேராக ஒப்பிட்டால் எதுவும் இல்லை என்று வந்தால், பழி இரண்டாம் தேதியின் காற்றைச் சேரும். தரை உண்மையிலேயே சரிந்துகொண்டிருந்தால் மூன்றாவது ஒப்பீட்டில் இரண்டு அளவுகளும் கூடியிருக்கும். ஒரே ஒரு ஜோடிப் படத்தை வைத்து ஊர் புதைகிறது என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறு.

படங்கள் பத்து இருபதாகச் சேர்ந்தால் வேறு ஒரு வழி திறக்கும். கட்டட மூலைகள், தகரக் கூரைகள், பாலங்கள், வெற்றுப் பாறைகள் போன்றவை ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி அலையைத் திருப்பி அனுப்பும். 2000ஆம் ஆண்டையொட்டி மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த நிலையான புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, நீண்ட படவரிசையில் அவற்றின் நகர்வைப் பின்தொடரும் முறையை உருவாக்கினார்கள். தேதிக்குத் தேதி மாறும் காற்றுப் பிழை பெரும்பகுதி வடிகட்டப்படுவதால், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வுகூடத் தெரியும். நகரங்களில் இப்படிப்பட்ட புள்ளிகள் ஏராளம். காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் அவை அரிது. இலை அசைந்தாலே அலையின் ஒழுங்கு குலைந்துவிடும். புதுப்பனி விழுந்தாலும் அதே கதிதான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் இந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கக்கூடியது. நாசா தந்த அதன் எல் அலைவரிசை ரேடாரின் அலைநீளம் 24 செ.மீ.; சிறு கிளைகளையும் இலைகளையும் ஊடுருவித் தரையை எட்டும். பட்டை ஒன்றுக்கு 12 செ.மீ. என்பதால் வேகமான சரிவிலும் எண்ணிக்கை எளிதில் தவறாது.

ஆனால் ஜோஷிமட்டில் இன்சாருக்கு மிகப் பெரிய தடை அந்தச் சரிவின் திசைதான். இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் பறந்து, பக்கவாட்டில் கிழக்கையோ மேற்கையோ பார்க்கின்றன. செங்குத்து நகர்வும் கிழக்கு மேற்கு நகர்வும் தூரத்தை மாற்றும். நேர் வடக்காக நடக்கும் நகர்வோ தூரத்தை அதிகம் மாற்றுவதில்லை. ஜோஷிமட்டுக்குத் தெற்கே மேலே ஆவுலி, வடக்கே கீழே ஆறு. ஊர் நகர்ந்தால் பெரும்பாலும் வடக்கு நோக்கித்தான் நகரும். 20 பாகை சாய்ந்த சரிவு ஒன்று தன் போக்கில் வடக்கே 10 செ.மீ. வழுக்கியது என்று வைத்துக்கொள்வோம். அதில் செங்குத்துத் தாழ்வு சுமார் 3.4 செ.மீ., கிடையான நகர்வு 9.4 செ.மீ. கிடையான பங்கின் பெரும்பகுதி ரேடாருக்குத் தெரியாமல் போய், அது காட்டும் மொத்தம் உத்தேசமாக 3 செ.மீ. மட்டுமே. 'தாழ்ந்தது' என்று அறிவிக்கப்பட்ட எண்ணின் பின்னால் அதைவிடப் பெரிய வழுக்கல் மறைந்திருக்கக்கூடும்.

இந்த இடத்தில்தான் ட்ரோன் கைகொடுக்கிறது. சரிவின் வளைவுக்கு ஏற்ப உயரத்தை மாற்றிக்கொண்டு, தரையிலிருந்து சுமார் 100 மீட்டரில் ட்ரோன் பறக்கிறது. அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 70, 80 சதவீதம் படியுமாறு எடுக்கப்படும். சாதாரண ஆய்வுக் கேமராவில் அந்த உயரத்தில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 2 முதல் 3 செ.மீ. வரை அடங்கும். ஒரே பொருள் பல படங்களில் வெவ்வேறு கோணத்தில் பதிவாவதால், கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாண மாதிரியை உருவாக்கும். சில மாதம் கழித்து மறுபடியும் பறந்து, ஒரு கூரை மூலையோ ஒரு பாறையோ இரண்டு மாதிரிகளிலும் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நகர்வு எந்தத் திசையில் இருந்தாலும் தெரியும். வடக்கும் இதில் அடங்கும்.

அதற்கு முன் தரையில் வேலை இருக்கிறது. கறுப்பு வெள்ளைச் சதுரப் பலகைகளைச் சரிவெங்கும் பதித்து, ஒவ்வொன்றின் இடத்தையும் துல்லியமான ஜி.பி.எஸ். கருவியால் அளக்க வேண்டும். அவற்றில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பதே நல்ல வழக்கம். மாதிரி அந்த ஒதுக்கிய பலகைகளை எங்கே காட்டுகிறது என்பதுதான் உண்மையான பிழையின் அளவு. பலகைகள் குறைவாக இருந்து, கேமராவும் நேர் கீழே மட்டும் பார்த்தால், மாதிரி முழுவதும் நடுவில் கும்பமாக உப்பியோ குழிந்தோ வரும். அசையாத பாறையும் தார்ச்சாலையும்கூட உயர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் இதுதான் காரணம். சாய்வாகவும் சில படங்கள் எடுத்தால் இந்த வளைவு பெரிதும் குறையும்.

எவ்வளவு நகர்வை ட்ரோன் நம்பகமாகச் சொல்லும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முதல் பறப்பின் உயரப் பிழை 5 செ.மீ., இரண்டாவதன் பிழையும் 5 செ.மீ. என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 7 செ.மீ. வருகிறது. 95 சதவீத உறுதி வேண்டுமானால் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். ஆக, 14 செ.மீ.க்குக் கீழே காணும் எந்த உயர மாற்றத்தையும் நகர்வு என்று அறிவிக்க முடியாது. ஜோஷிமட்டின் 5.4 செ.மீ. இந்த எல்லைக்குள் முழுவதுமாக அமுங்கிவிடும். விரிசல் விட்டுப் பெயர்ந்த பகுதிகளில், நகர்வு பத்து இருபது சென்டிமீட்டரைத் தாண்டும் இடங்களில்தான் ட்ரோனின் பயன் தொடங்குகிறது. அங்கே அது விரிசலின் அகலத்தையும், எந்தக் கரை எந்தப் பக்கம் விலகியது என்பதையும் காட்டும். புல்லும் புதரும் நிறைந்த சரிவில் படத்துக்குத் தெரிவது இலைப்பரப்புதான். அங்கே லேசர் கற்றையை வீசும் லைடாரை ட்ரோனில் பொருத்த வேண்டியிருக்கும்.

இவை இரண்டும் அளப்பது மேற்பரப்பைத்தான். வழுக்கும் அடுக்கு 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறதா, 40 மீட்டர் ஆழத்திலா என்பதை அறியத் துளையிட்டுக் குழாய் இறக்கி, அது எந்த ஆழத்தில் வளைகிறது என்று சாய்வுமானியால் பார்க்க வேண்டும். திடீர்ச் சரிவுகளை முன்கூட்டிப் பிடிப்பதும் இந்த இரண்டு முறைகளுக்கும் கடினம். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மழையோடு வந்த மண்பாறைப் பெருக்கு மணிக்கணக்கில் நடந்து முடிந்தது. 12 நாட்களுக்கு ஒருமுறை வரும் கண் அதைப் பார்க்க இடமில்லை. மேகம் மூடியிருந்த நிலையிலும் ரேடார் படங்களால் பின்னர் சொல்ல முடிந்தது, சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, மண்ணும் பாறையும் ஏறக்குறைய 8 கி.மீ. ஓடின என்பதைத்தான். மெதுவாக, மாதக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஜோஷிமட் போன்ற சரிவுகளில் மட்டுமே இன்சாரின் வரைபடம் விரிசலுக்கு முன்பே கைக்கு வரும்.