அட்வான்ஸ் பணமும் முன்வாடகையும்

வாடகைக்கு வருபவர் கொடுக்கும் 'அட்வான்ஸ்', காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய தொகை. ஆகவே வீட்டு உரிமையாளரின் கணக்கில் அது வருமானமல்ல, கடன். மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒன்றரை லட்சம் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கும். அதற்கு வருமான வரி கிடையாது. அதை வங்கியில் போட்டுக் கிடைக்கும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்வாடகை வேறு வகை. ஏப்ரல், மே மாத வாடகையான 30,000 ரூபாயை மார்ச்சிலேயே வாங்கினால், மார்ச் 31 அன்று அதுவும் பொறுப்பாகவே இருக்கும். ஆனால் அது திரும்பப் போகாது. ஏப்ரல் பிறந்ததும் மாதம் 15,000 வீதம் வருமானமாக மாறும். வீட்டு வாடகைக்கு வரி கணக்கிடும்போது, பணம் கைக்கு வந்த நாளை விட, வாடகை எந்த ஆண்டுக்கு உரியது என்பதே முக்கியம்.

குடியிருந்தவர் கடைசி மாத வாடகையைத் தராமல் அட்வான்ஸில் கழிக்கச் சொன்னால், கழித்த 15,000 ரூபாய் அந்த மாத வாடகை வருமானம். திருப்பித் தர வேண்டியது 1,35,000. ரசீதில் அட்வான்ஸ், முன்வாடகை இரண்டையும் தனித்தனியே எழுதாவிட்டால், பிறகு எது எதுவென்று நிரூபிப்பது கடினம்.